சாய்ந்து உறைந்த சீரம்

ரீஏஜென்ட் ஃபிரிட்ஜுக்குள் பொங்கி வழிந்த இட்லி மாவைத் துடைத்தவள் நான். இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குளிர்பெட்டிக்காக நான் ஏன் இப்படி எரிந்து விழுகிறேன் என்று படிக்கிறவர்களுக்கு விளங்காது. எங்கள் லேபில் யாரோ வீட்டுக்குக் கொண்டுபோக வாங்கிய மாவுப் பாக்கெட்டை, தைராய்டு பரிசோதனைக்கான மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து மறந்துவிட்டார்கள். அது புளித்து, உப்பி, வாய் பிளந்து, தட்டுத் தட்டாகக் கீழே இறங்கியிருந்தது. "யாருடைய மாவு?" என்று கேட்டேன். லேபில் இருந்த அத்தனை பேரும் அன்றைக்குத்தான் முதல்முறையாக மாவு என்ற ஒன்றைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

செல்லூருக்குப் பக்கத்தில், சந்துக்குள் இருந்த நடுத்தரமான ரத்தப் பரிசோதனை நிலையம் அது. அங்கே நான் டெக்னீசியன். அதோடு தரக் கட்டுப்பாட்டுக்கும் நானே பொறுப்பு. பொறுப்பு என்றால் குறை கண்டுபிடிக்கும் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் வேண்டாதவளாக இருப்பது. வில்லாபுரத்திலிருந்து காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினால், கைப்பையை வைக்கிறதற்கு முன்னால் குளிர்பெட்டிகளைத்தான் பார்ப்பேன்.

மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்று ரீஏஜென்ட்கள், அதாவது ரத்தத்தோடு சேர்த்துப் பரிசோதிக்கிற மருந்துத் திரவங்கள் இருக்கும் ஃபிரிட்ஜ். அது இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் ஏறக் கூடாது. இன்னொன்று பெரிய ஃப்ரீசர், மைனஸ் இருபது. மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் கன்ட்ரோல்களும், வெளியூர்ப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டிய நோயாளிகளின் சீரமும் அதில் இருக்கும். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிகிற மஞ்சள் நீர். மூன்றாவது ஒரு குட்டி ஃப்ரீசர். கொரியர் பெட்டியில் வைக்கிற ஐஸ் பைகளைத் தவிர அதில் எதுவும் கிடையாது.

ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஒரு தாள் தொங்கும். காலையும் மாலையும் டிஸ்ப்ளேயைப் பார்த்து, அப்போதைய வெப்பநிலையையும், இடைப்பட்ட நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஏறியது, குறைந்தபட்சம் எவ்வளவு இறங்கியது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படித்து டிப்ளமோ வாங்கியவர்கள் செய்கிற வேலை இது. அதை அவர்கள் செய்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் "4, 4, 4" என்று ஒரே பேனாவில் இழுத்துவிடுவார்கள். நாலு டிகிரியைத் தவிர வேறெதையும் காட்டத் தெரியாத ஃபிரிட்ஜ் உலகத்திலேயே எங்கள் லேபில்தான் இருந்தது. ஒருமுறை கதவு சரியாக மூடாமல் பதினொன்றைத் தொட்டு நின்ற அன்றும் தாளில் நாலுதான். கேட்டதற்கு, "எப்பயும் நாலுதானக்கா இருக்கும்" என்றார்கள். நாலாகவே இருக்கும் என்றால் பிறகு எதற்கடா தாள்?

இது நடந்த வருடம் சண்டை போட்டுப் போட்டு, பழைய பெரிய ஃப்ரீசருக்குப் பதிலாக ஒரு புதியதும், அதற்கு ஓர் அலாரமும் வாங்க வைத்தேன். அலாரத்தின் சென்சார், கிளைக்கால் என்னும் உறையாத திரவம் ஊற்றிய சின்ன பாட்டிலுக்குள் செருகியிருக்கும். கதவைத் திறந்து மூடுகிறபோது காற்று பட்டு வெட்டியாகக் கத்தாமல் இருக்கவும், உள்ளே இருக்கும் சாம்பிள் நிஜமாக எவ்வளவு சூடேறியிருக்கும் என்று காட்டவும் அந்த ஏற்பாடு. மைனஸ் பதினைந்தைத் தாண்டி மேலே ஏறிக் கொஞ்ச நேரம் நீடித்தால் கத்தும். கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் கத்தும். ஃபோனுக்கு மெசேஜும் போகும். மெசேஜ் வருகிற நம்பராக என்னுடையதைப் போடச் சொன்னேன். முதலாளி டாக்டர், "ஓனர் நம்பர்தாம்மா மொறை" என்று தன்னுடையதைக் கொடுத்தார். பிறகு அந்த மெசேஜ் வருகிற எண்ணை ஏதோ விளம்பரம் என்று நினைத்து பிளாக் செய்துவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம், பக்கத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த கைக்குழந்தை. செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை. திடீர் திடீரென்று ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கண் சொருகி, கை கால் வெட்டி இழுக்கிறது. காரணம் தெரியவில்லை. சர்க்கரை தாழ்ந்து கிடக்கிற அந்த நிமிடத்தில், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த ரத்தம் ஒன்றுதான் காரணத்தைச் சொல்லும். சர்க்கரை அப்படி விழும்போது உடம்பு இன்சுலினை நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்து ரத்தத்திலும் இன்சுலின் இருந்தால் அதுதான் நோய். அதற்கு வேறு மருந்து, வேறு வழி. சர்க்கரை ஏறிய பிறகு எடுத்த ரத்தம் எதற்கும் பயன்படாது.

இப்படிப்பட்ட ரத்தத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அன்றைக்குக் காலையில் பிள்ளை துவண்டுபோய் வந்தபோது, ஒரு நர்ஸ் பதறாமல் நரம்பைப் பிடித்து எடுத்துக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியிலேயே சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு சின்னக் குழாய்கள். இரண்டும் சேர்ந்து ஒரு ஸ்பூனுக்கு வராது. இன்சுலின் பார்க்கிற பெரிய லேபின் கொரியர் பூசை விடுமுறை முடிந்துதான் வரும். பாதகமில்லை, உறைந்த நிலையில் அது பத்திரமாக இருக்கும். நானே லேபிள் ஒட்டி, ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, பெரிய ஃப்ரீசரில் வைத்தேன். சமயநல்லூரில் என் அண்ணன் வீட்டு டிராக்டருக்குப் பூசை. நான் லீவில் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து காலையில் வந்தபோது லேபுக்குள் சந்தனமும் சாம்பிராணியும் அவிந்துபோன வாழைப்பழமும் கலந்து ஒரு வாடை அடித்தது. மைக்ராஸ்கோப் நெற்றியில் குங்குமம். ரத்தத்தைச் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜின் மூடியில் விபூதிப் பட்டை. சரி, இதெல்லாம் எல்லா இடத்திலும் உள்ளதுதான். நானும் அண்ணன் டிராக்டர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தவள்தான். ஆனால் பெரிய ஃப்ரீசரின் கதவில் மட்டும் ஆள் உயரத்துக்கு மாலை கிடந்தது. கைப்பிடியில் சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டியது. அதன் காலடியில் பொரியும் கடலையும் சிதறி, எறும்பு வரிசை கட்டியிருந்தது. தாளில் விடுமுறை நாள் அத்தனைக்கும் மைனஸ் இருபது, மைனஸ் இருபது. அலாரத்தின் டிஸ்ப்ளேயோ மைனஸ் பதினெட்டு என்றது.

கொரியர்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டார். குழாய்களை எடுக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது. ஓரங்களில் படிந்திருந்த பனி ஒரு பொட்டுக்கூட இல்லை. தட்டில் செவ்வந்தி இதழ் ஒன்று உறைந்து ஒட்டியிருந்தது. கிளைக்கால் பாட்டில் மூலையில் இருந்தது. அதற்குள் சென்சார் இல்லை. நான் நிமிர்த்தி வைத்த ஸ்டாண்ட் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றபடி உறைந்த சீரம், குழாயின் அடியில் மட்டமாக இருக்க வேண்டும். உறைந்த பிறகு ஸ்டாண்டைப் படுக்க வைத்தாலும் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அது அங்கேயேதான் நிற்கும். இதுவோ குழாயின் ஒரு பக்கச் சுவரோடு நீளமாக, மூடி வரைக்கும் சாய்ந்து உறைந்திருந்தது. ஸ்டாண்டைப் படுக்க வைத்த பிறகு சீரம் முழுசாக உருகி ஓடியிருக்கிறது. ஓடிப் படுத்த இடத்திலேயே மறுபடி உறைந்திருக்கிறது. இரண்டு குழாயும் அப்படித்தான்.

வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். சென்சார் குட்டி ஃப்ரீசருக்குள், ஐஸ் பைகளுக்கு நடுவே சுகமாகப் படுத்திருந்தது. அதன் நுனியிலும் சந்தனம். அந்த மைனஸ் பதினெட்டு இந்தக் குட்டிப் பெட்டியின் வெப்பநிலை. பெரிய ஃப்ரீசர் என்ன டிகிரியில் கிடந்தது என்பதற்கு இனிமேல் எந்தச் சாட்சியும் கிடையாது.

எங்கள் மேனேஜர், முதலாளி டாக்டரின் மைத்துனர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. மனிதர் கெட்டவர் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்ணே, ஃப்ரீசர அணைச்சீங்களா?"

"ஆமாத்தா. பூசைக்கு வச்சம்ல."

"எப்பப் போட்டீங்க?"

"மறுநா விஜயதசமிக்கு நல்ல நேரம் பாத்துத்தான். பூசையில வச்ச சாமானத்த அன்னிக்கே எடுத்து ஓட்டலாமா? ஒங்க வீட்டு டிராக்டர ஓட்டுனீகளா? புது மிஷினு வேற. மொதப் பூச. ஒருநாள் ஓய்வு குடுக்கணும்ல அதுக்கும்."

"அண்ணே, அது டிராக்டர் இல்ல. ஃப்ரீசர்."

"நானும் அதத்தான சொல்றேன். நல்லா ஈரத்துணி போட்டுத் தொடச்சு, மூடுனது மூடுன மேனிக்கே வச்சிருந்தேன். கதவத் தொறந்தாத்தான குளிரு வெளிய போகும்?"

"அலாரம் அடிக்கலையா?"

அவர் முகம் மலர்ந்தது. ஒரு சாமர்த்தியத்தைச் சொல்லப் போகிறவரின் மலர்ச்சி. "அத ஏன் கேக்குற. தீபாராதன காட்டுற நேரம் கீய் கீய்னு கெடந்து கத்துது. வந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் காதப் பொத்துறாக. என்னத்த அமுக்குனாலும் நிக்கல. வயர உருவி அந்தக் குட்டிப் பெட்டிக்குள்ள போட்டேன். கொஞ்ச நேரத்துல கம்முனு ஆயிருச்சு. குளிரத்தான கேட்டுச்சு அது? குடுத்துட்டேன்."

நெருப்புப் பிடித்திருக்கிறது என்று கத்துகிறவனின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுச் சுண்டல் விநியோகித்திருக்கிறார்கள். அன்றைக்கு டியூட்டியில் இருந்த டெக்னீசியன், எனக்கு மூத்தவர், பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். அவர் கண் முன்னால்தான் எல்லாம் நடந்திருக்கிறது. "பூச நேரத்துல என்னன்னு சொல்றது?" என்றார். சொல்ல வாய் வரவில்லை, மைனஸ் இருபது என்று எழுதக் கை மட்டும் வந்திருக்கிறது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

முதல் வேலையாகச் சென்சாரை அதன் பாட்டிலுக்குள் திரும்பச் செருகிவிட்டு, ஃப்ரீசர் கதவில் சிவப்புத் தாள் ஒட்டினேன்: எதையும் எடுக்கக் கூடாது, எதையும் பயன்படுத்தக் கூடாது. இப்போது மைனஸ் இருபதில் இருக்கிறதே என்பதில் அர்த்தம் இல்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று தெரியாவிட்டால், மோசமாகத்தான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் அதுதான் நியாயம். கன்ட்ரோல்களோடு வந்த தாளில் உருகினால் திரும்ப உறையவைக்கக் கூடாது என்று அச்சடித்தே இருந்தது. அத்தனையையும் தனியாக ஒதுக்கினேன். ஃபிரிட்ஜை யாரும் அணைக்கவில்லையா என்று அதன் டிஸ்ப்ளேயில் அதிகபட்ச வெப்பநிலையைப் பார்த்தேன், எட்டுக்குள்தான் இருந்தது. அது பிழைத்தது. விஜயதசமி முதல் உருகி உறைந்த கன்ட்ரோலை நம்பிக் கொடுத்த ரிப்போர்ட்டுகளை நிறுத்தி, ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த சாம்பிள்களைப் புது கன்ட்ரோல் வைத்துத் திரும்பப் போடச் சொன்னேன். வெளியூருக்குப் போக வேண்டிய மற்ற நோயாளிகளின் சீரத்தைப் பட்டியல் போட்டேன். அவர்களை ஃபோனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு இன்னொருமுறை ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். கையை நீட்டினால் ரத்தம் இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் ரத்தம்தான் அப்படி இல்லை. அந்த நிமிடம் வேண்டுமென்றால் அந்த நிமிடத்தை மறுபடி வரவழைக்க வேண்டும்.

முதலாளி டாக்டர் அறைக்குள் போய்ச் சொன்னேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்ப என்ன டெம்பரேச்சர்?" என்றார்.

"மைனஸ் இருபது சார்."

"கட்டியாத்தான இருக்கு?"

"கட்டியாத்தான் இருக்கு. உருகிக் கட்டியாயிருக்கு."

"அதப் பாக்குறவனுக்குத் தெரியவா போகுது? ஐஸுதான உருகுச்சு, திரும்ப ஐஸாயிருச்சு. கொரியர்காரன் நிக்கிறான், பேக் பண்ணும்மா."

இவர் எம்.டி. படித்தவர். சுவரில் சான்றிதழ்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மதுரை வெயிலில், அணைந்த பெட்டிக்குள் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்த சீரத்தில் இன்சுலின் சிதைந்து குறைந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? எனக்கே தெரியும் என்றால் அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் என் கண்ணைப் பார்க்காமல் காபியைப் பார்த்துப் பேசினார்.

"சார், இன்சுலின் கொறைஞ்சு காட்டும். இந்த நோய் இல்லைன்னு முடிவு பண்ணிருவாங்க. பிள்ளைக்கு மறுபடி மறுபடி சர்க்கர விழும். மூளைய அடிச்சிரும்."

காபியை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு, ஒரு பெரிய விட்டுக்கொடுத்தலைச் செய்கிறவர் மாதிரி சொன்னார்: "சரி, அனுப்ப வேணாம். ரத்தம் எடுக்கும்போதே செல் ஒடைஞ்சு போச்சு, சாம்பிள் செல்லாதுன்னு சொல்லிரு. ஆஸ்பத்திரியில இன்னொன்னு எடுத்துக்குவாங்க. நம்ம பேரு கெடாது."

அதாவது துவண்ட பிள்ளையின் நரம்பைப் பதறாமல் பிடித்த அந்த நர்ஸின் தலையில் கட்டிவிட வேண்டும். ஒரு பொய்யைக் கழித்துவிட்டு இன்னொரு பொய்யைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். மேனேஜரின் அறியாமையாவது சாமி பேரால் வந்தது. இந்தப் படித்த கோழைத்தனம் எந்தச் சாமி பேரால் வந்தது? அந்த அறையில் இருந்த காபி வாடை இன்றைக்கும் என்னை என்னவோ செய்யும்.

நான் அவர் மேசையில் இருந்த ஃபோனையே எடுத்தேன். "என்னம்மா பண்ற?" என்றார். குழந்தைகள் டாக்டருக்குப் போட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவர் உடனே கேட்டார்: "எம்புட்டு நேரம் ஆஃப்ல கெடந்துச்சு?"

"ஆயுத பூசையிலேருந்து மறுநாள் நல்ல நேரம் வரைக்கும் டாக்டர். உள்ள எம்புட்டு ஏறுச்சுன்னு தெரியல, சென்சார எடுத்துட்டாங்க. முழுசா உருகிருச்சுங்கறது மட்டும் நிச்சயம்."

"அப்ப அத அனுப்பாதீங்க. இன்சுலின் இல்லைன்னு வந்தா நான் வேற எதையாவது தேடிப் போயிருவேன். தப்பான ரிசல்ட்டுக்கு ரிசல்ட்டே இல்லாம இருக்குறது மேல்." பிறகு குரல் மாறியது. "ஆனா அந்தப் பிள்ளைய மறுபடி பட்டினி போட்டுச் சர்க்கரைய எறக்கணும். அது தெரியும்ல ஒங்களுக்கு?"

"தெரியும் டாக்டர்."

ஃபோனை வைத்தபோது எங்கள் டாக்டர் காபியை மூடி வைத்துவிட்டு, "ஒனக்கு இங்க வேல பாக்குற எண்ணம் இருக்கா இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேலையை விடுகிற எண்ணம் எனக்கு இல்லை. நான் போய்விட்டால் அந்தப் பெட்டிகளை யார் பார்ப்பார்கள்? மாவுதான் இருக்கும் உள்ளே.

நடந்ததற்கு அறிக்கை எழுத வேண்டும். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, எதையெல்லாம் ஒதுக்கினோம், திரும்ப நடக்காமல் இருக்க என்ன செய்தோம் என்று. காரணம் என்ற இடத்தில் மின்தடை என்று எழுதச் சொன்னார்கள். நான் "பூசைக்காக அணைக்கப்பட்டது, அலாரம் ஒலித்தபோது சென்சார் இடம் மாற்றப்பட்டது" என்று எழுதினேன். மெசேஜ் போகும் எண்ணாக என்னுடையதையும் சேர்க்க வைத்தேன். ஃப்ரீசர் சுவிட்சுக்கு மேல் ஒரு மூடி மாட்டி, "எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது, பூசைக்கும்" என்று எழுதி ஒட்டினேன். மேனேஜர் அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "கையெழுத்து நல்லாருக்குத்தா" என்றார்.

இனிமேல் சொல்லப் போவதைப் படித்துப் பயப்பட வேண்டாம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில், இருக்கவே கூடாத நேரத்தில் இன்சுலின் இருந்தது. நோய் அதுதான் என்று தெரிந்து மருந்து ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த இரண்டாவது ரத்தம் எப்படி வந்தது என்பதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

சாம்பிளை இந்த முறை நானே வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஐஸ் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பகல் நேரம். பிள்ளை கட்டிலில் கிடந்தது. கையில் குளுக்கோஸ் ஏற்றத் தயாராக ஊசி குத்தி வைத்திருந்தார்கள். காலையில் கடைசியாகக் கொடுத்த பாலுக்குப் பிறகு எதுவும் கிடையாது. டாக்டரும் நர்ஸும் பக்கத்திலேயே இருந்தார்கள். அவ்வப்போது குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். எண் இறங்க வேண்டும். இறங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

பிள்ளை முதலில் சிணுங்கியது. பிறகு வீறிட்டது. பிறகு அம்மாவின் பக்கம் வாயைத் திறந்து திறந்து திரும்பியது. அந்தப் பெண் மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, சேலையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் சுவரோரம் நின்றிருந்தார். கிட்ட வந்தால் வாடைக்குப் பிள்ளை இன்னும் அழும் என்று அவரே தள்ளி நின்றார்.

என் ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் லேபா அக்கா?" என்றார்.

"ஆமாம்மா."

"கரண்டு போயிருச்சுன்னு சொன்னாக. ஒங்க டாக்டரு ஃபோன் பண்ணாரு. கரண்டு போனா யாரு என்ன செய்ய முடியும்? எங்க தறியே நின்னு போகுதுல்ல."

சும்மா தலையாட்டியிருந்தால் போதும். அவருக்கும் ஆறுதல், எங்களுக்கும் நிம்மதி. எனக்கு அந்தத் தலையாட்டல் வரவில்லை.

"கரண்டு போகலம்மா. நாங்கதான் அணைச்சோம். ஆயுத பூசைக்கு."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்; கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாங்களும் அன்னிக்குத் தறிய நிப்பாட்டித்தான் பூச போட்டோம்" என்றார் மெல்ல. "இவனுக்கு நல்லாகணும்னுதான் வேண்டிக்கிட்டோம்." பிள்ளை மறுபடி வீறிட்டது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அழுகை குறைந்தது. களைப்பு என்று நினைத்தால் களைப்பு இல்லை. பிள்ளையின் நெற்றி வேர்த்தது. கை லேசாக நடுங்கியது. கண் ஒரு பக்கமாக நழுவியது. நர்ஸ் குதிகாலில் குத்தி, குளுக்கோமீட்டரைப் பார்த்து, எண்ணைச் சொன்னார். வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. டாக்டர் முகம் சட்டென்று தெளிந்தது. "வந்துருச்சு, எடுங்க எடுங்க!" என்றார். நர்ஸ் ரத்தத்தை இழுத்தார். நான் குழாய்களை நீட்டினேன். அவை நிறைந்த உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிள்ளையைத் தூக்கித் தாயிடம் கொடுத்தார்கள்.

அந்த எண்ணைக் கேட்ட நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பச்சைப் பிள்ளை கண் சொருகிக் கிடக்கிறது, நான் மனசுக்குள் அப்பாடா என்று சொல்லிக்கொண்டேன். அந்த அப்பாடாவுக்குத்தான் எனக்கு இன்றுவரை அருவருப்பு தீரவில்லை. பூசை போட்டவர்களை மன்னித்துவிட்டேன். அந்தக் காபியையும் ஒருநாள் மன்னித்துவிடுவேனாக இருக்கும். ஒரு பிள்ளையின் துவண்ட முகத்தைப் பார்த்து என்னை மகிழ வைத்தார்களே, அதை மட்டும் என்னால் முடியவில்லை.